பங்குத்தொகை திரும்ப வந்தது, காப்பு நிதி வரவில்லை: சங்கக் கணக்கைப் படித்த உங்கள் அனுபவம்?

திருச்சி வாசி

போன மே மாதம் ஓய்வு பெற்றேன். எங்கள் அலுவலகப் பணியாளர் கூட்டுறவு நாணயச் சங்கத்தில் இருபத்தொன்பது வருஷம் உறுப்பினர். நாலு மாநிலத்தில் கிளை அலுவலகங்கள் இருப்பதால், பல மாநிலக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தில் பதிவான சங்கம். கணக்கு முடித்தபோது சிக்கன வைப்பு வட்டியோடு வந்தது. பங்குத்தொகை 30,000 ரூபாய் தனியாக வந்தது. கடன் வாங்கும்போதெல்லாம் கொஞ்சம் கொஞ்சமாகப் பிடித்துச் சேர்த்த பங்கு அது. அன்றைக்கு நூறு ரூபாய்க்கு வாங்கிய பங்குக்கு இன்றைக்கும் நூறு ரூபாய்தான்.

வீட்டில் ஆண்டறிக்கையைப் புரட்டிக்கொண்டிருந்த என் மனைவி, பொறுப்புகள் பக்கத்தில் "சட்டப்படியான காப்பு நிதி" என்று ஒரு கோடிக்கு மேல் இருப்பதைப் பார்த்துவிட்டு, "இதுல உங்க பங்கு எங்க?" என்று கேட்டாள். எனக்குப் பதில் தெரியவில்லை. இத்தனை வருஷம் பேரவைக் கூட்டத்துக்குப் போய் டிபன் பாக்ஸ், எவர்சில்வர் பாத்திரம் எல்லாம் வாங்கி வந்தேனே தவிர, கடைசிப் பக்கத்துக் கணக்கை ஒருநாளும் உட்கார்ந்து படித்ததில்லை. இப்படி ஓர் அனுபவம் உங்களுக்கும் இருந்தால் எழுதுங்கள்.

மதுரை மணி

அண்ணே, நீங்க ஏமாந்துட்டீங்கன்னுதான் சொல்வேன். உங்க சட்டப்படி டிவிடெண்ட் 20 சதவீதம் கொடுக்கணும். எங்க ஆபீஸ்லயும் இதே கதை. லாபம் நல்லா வருது, 12-க்கு மேல கொடுக்க மாட்டேங்கிறாங்க. மிச்சத்தை "நிதி", "நிதி"ன்னு வேற வேற பேர்ல ஒதுக்கிடறாங்க. நான் ரெண்டு தடவை எழுந்து கேட்டேன், "துணை விதி"ன்னு ஒரே வார்த்தையில உட்கார வச்சுட்டாங்க.

தாராவியிலிருந்து

எங்கள் மும்பை ஹவுசிங் சொசைட்டியிலும் இதே சண்டை நடந்தது. மகாராஷ்டிரச் சட்டத்தில் டிவிடெண்டுக்கு 15 சதவீதம் உச்சவரம்பு. நிகர லாபத்தில் கால் பங்கு ரிசர்வ் ஃபண்டுக்குப் போக வேண்டும். மாதாமாதம் பராமரிப்புக் கட்டணத்தோடு சிங்கிங் ஃபண்ட் என்று ஒரு தொகை வாங்குகிறார்களே, அதைத்தானே நீங்கள் காப்பு நிதி என்கிறீர்கள்? வீட்டை விற்றுவிட்டுப் போகும்போது எனக்கும் அது திரும்பத் தரப்படவில்லை.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

தாராவி நண்பரே, அவை இரண்டும் வேறு. சிங்கிங் ஃபண்ட் என்பது கட்டடத்தை ஒருநாள் பெரிதாகச் செப்பனிடவோ இடித்துக் கட்டவோ உங்களிடம் வசூலித்துச் சேர்க்கும் பணம். காப்பு நிதிக்கு உறுப்பினர் யாரும் தனியாகப் பணம் கட்டுவதில்லை. ஒவ்வொரு வருஷமும் லாபத்தைப் பிரிக்கும்போது முதலில் எடுத்து வைக்கப்படுவது அது.

மணி தம்பி சொன்னதில் பாதி சரி. பல மாநிலச் சங்கங்களுக்கு விதியில் 20 சதவீதம் என்று இருப்பது உண்மை. ஆனால் அது மேல் எல்லை. அதற்குள் எவ்வளவு என்பதை அவரவர் துணை விதி இன்னும் குறைத்து வைக்கலாம். அந்த எல்லை வரைக்கும் கொடுத்தே ஆக வேண்டும் என்று எங்கும் இல்லை.

நான் பார்த்த ஒரு சங்கத்தின் கணக்கைச் சொல்கிறேன். விளங்குவதற்காக எண்களை முழுமையாக்கி இருக்கிறேன். பங்கு மூலதனம் 60 லட்சம். துணை விதியில் டிவிடெண்ட் உச்சம் 12 சதவீதம். நிர்வாகக் குழு கொண்டுவந்த வரைவுக் கணக்கில் நிகர லாபம் 16 லட்சம். இதில் கால் பங்கு, அதாவது 4 லட்சம், காப்பு நிதிக்கு. எதிர்பாராத நட்டத்துக்கான நிதிக்குக் குறைந்தது பத்து சதவீதம், 1,60,000. கூட்டுறவுக் கல்வி நிதிக்கு ஒரு சதவீதம், 16,000. 2023 திருத்தத்துக்குப் பிறகு, தொடர்ந்து மூன்று வருஷம் லாபத்தில் இருந்த சங்கங்கள் புனரமைப்பு நிதிக்கு இன்னொரு சதவீதம் கட்ட வேண்டும், அது ஒரு 16,000. எல்லாம் போக 10,08,000 மிச்சம். 60 லட்சத்துக்கு 12 சதவீதம் என்றால் 7,20,000. தாராளமாகக் கொடுக்கலாம். குழுவும் மகிழ்ச்சியாக "இந்த வருஷமும் 12" என்று கிளைகளுக்கெல்லாம் சொல்லிவிட்டது.

எனக்கு உறுத்தியது இருப்புநிலைக் குறிப்பில் ஒரே ஒரு வரி. சொத்துகள் பக்கம் "உறுப்பினர்களிடமிருந்து வரவேண்டிய வட்டி". போன வருஷம் 3 லட்சத்துச் சொச்சமாக இருந்தது, இந்த வருஷம் 8 லட்சத்தைத் தாண்டியிருந்தது. நிலுவைக் கடன் தொகையோ ஏறக்குறைய அப்படியே இருந்தது. கடன் கூடாமல் வரவேண்டிய வட்டி மட்டும் எப்படி ஏறும்? சம்பளத்தில் பிடித்தம் செய்கிற சங்கத்தில் வட்டி நிற்கவே வழியில்லை என்று எல்லாரும் நினைப்பார்கள். கடன் பேரேட்டை எடுத்துப் பார்த்தேன். விருப்ப ஓய்வில் போனவர்கள், தற்காலிகப் பணிநீக்கத்தில் இருப்பவர்கள், இறந்துபோனவர்கள் கணக்கு. சம்பளம் நின்றதும் பிடித்தமும் நின்றது. வட்டியை மட்டும் மாதாமாதம் கணக்கில் வரவு வைத்துக்கொண்டே வந்திருக்கிறார்கள். அப்படித் தவணை கடந்து நின்ற வட்டி 5,50,000. கைக்கு ஒரு பைசா வராத அந்தப் பணம்தான் லாபத்தில் உட்கார்ந்திருந்தது.

அதற்கு முழு ஒதுக்கீடு செய்யச் சொன்னேன். லாபம் 10,50,000 ஆகிவிட்டது. மேலே சொன்ன நான்கும் சேர்ந்து 37 சதவீதம், 3,88,500. மிச்சம் 6,61,500. 11 சதவீதம் கொடுக்க 6,60,000 வேண்டும். அதற்குமேல் கையில் நின்றது வெறும் 1,500 ரூபாய்.

திருச்சி வாசி

ஐயா, எங்கள் சங்கத்திலும் ஒரு வருஷம் 12 என்று சொல்லிவிட்டு 11 கொடுத்தார்கள். கூட்டத்தில் பெரிய ரகளை. நானும் சத்தம் போட்டேன். இப்போது கணக்குப் போட்டுப் பார்க்கிறேன், என் 30,000 ரூபாய்க்கு வித்தியாசம் 300 ரூபாய். அன்றைக்கு ஒருவர் எழுந்து, "காப்பு நிதியில்தான் இவ்வளவு இருக்கிறதே, அதிலிருந்து எடுத்து 12 ஆக்குங்கள்" என்றார். நாங்கள் எல்லாரும் கை தட்டினோம்.

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

நான் சொன்ன சங்கத்திலும் அதே வார்த்தைதான் வந்தது. 58,500 ரூபாய்தான் குறைகிறது, ஒரு கோடியிலிருந்து எடுத்தால் என்ன என்று. எடுக்க முடியாது. நிகர லாபத்தைத் தவிர வேறு எந்த நிதியையும் டிவிடெண்டாகவோ வேறு பெயரிலோ உறுப்பினர்களுக்குப் பிரித்துக் கொடுக்கக் கூடாது என்று சட்டமே சொல்கிறது.

உங்கள் வீட்டம்மா கேட்ட கேள்விக்கும் பதில் இதிலேயே இருக்கிறது. அந்த ஒரு கோடி பெட்டியில் இருக்கும் பணம் இல்லை. பொறுப்புகள் பக்கம் பெயர் இருந்தால், சொத்துகள் பக்கம் அதன் உருவத்தைத் தேட வேண்டும். கொஞ்சம் வங்கியில் காப்பு நிதி முதலீடாக இருக்கும், மீதி உறுப்பினர்களுக்குக் கடனாகப் போயிருக்கும். அந்தப் பணத்துக்குச் சங்கம் யாருக்கும் வட்டி தருவதில்லை. அதே ஒரு கோடியை 8 சதவீத வட்டிக்கு வைப்பாக வாங்கியிருந்தால் வருஷத்துக்கு 8 லட்சம் செலவு. வரைவுக் கணக்கின் 16 லட்சம் லாபத்தில் சரிபாதி அதுவே. நீங்கள் சேர்வதற்கு முன் ஓய்வு பெற்றவர்கள் முகமதிப்பை மட்டும் வாங்கிக்கொண்டு போனதால்தான், நீங்கள் வீடு கட்டக் கடன் வாங்கியபோது வட்டி அந்த அளவில் நின்றது.

மதுரை மணி

சரி சார், 20 விஷயம் நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன். எங்க ரிப்போர்ட்டை எடுத்துப் பார்த்தேன். காப்பு நிதி 85 லட்சம்னு போட்டிருக்கு. எதிர்ப்பக்கம் காப்பு நிதி முதலீடுன்னு 20 லட்சம்தான் காட்டுது. இது கோளாறா?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

அதை வைத்து மட்டும் கோளாறு என்று சொல்ல மாட்டேன். எவ்வளவை வெளியே முதலீடு செய்ய வேண்டும், எவ்வளவைத் தொழிலில் பயன்படுத்தலாம் என்று உங்கள் துணை விதியைப் பாருங்கள். அதற்குமுன் வரவேண்டிய வட்டி வரியைப் போன வருஷத்தோடு ஒப்பிட்டுப் பாருங்கள். எனக்கு அதுதான் முதல் வேலை. காப்பு நிதிக்கு எதிரே நிற்கும் கடனே வராக்கடன் என்றால், 85 லட்சம் என்பது வெறும் எழுத்து.

பால்காரம்மா மகன்

எங்கம்மா கிராமத்துப் பால் சங்கத்துல உறுப்பினர். அவங்களுக்குப் பங்கு ஈவைப் பத்தி யாரும் பேசியே கேட்டதில்லை. தீபாவளிக்கு முன்னாடி போனஸ் வரும், ஊத்தின பாலுக்குத் தக்க. ரெண்டு மாடு வச்சிருக்கிறவங்களுக்கும் எட்டு மாடு வச்சிருக்கிறவங்களுக்கும் பங்கு ஒண்ணுதான், போனஸ்தான் வேற. நாணயச் சங்கத்துல ஏன் கடனுக்குக் கட்டின வட்டிக்குத் தக்க திருப்பித் தரக்கூடாது? அந்த வட்டியிலதானே லாபமே வருது?

கடலூர் டீச்சர்

இதை நான் ஒத்துக்க மாட்டேன் தம்பி. நான் எங்கள் சங்கத்தில் பதினாறு வருஷமாகக் கடனே வாங்கியதில்லை. பங்கும் வைப்பும் வைத்திருக்கிறேன். டிவிடெண்டுக்கு ஏற்கெனவே உச்சவரம்பு. மிச்ச லாபத்தையும் கடன் வாங்கியவர்களுக்கே வட்டித் தள்ளுபடியாகக் கொடுத்தால், பணம் போட்டு வைத்தவளுக்கு என்ன இருக்கிறது?

ஓய்வுபெற்ற தணிக்கையாளர்

மேடம், உங்கள் வைப்புக்கு வட்டி வருகிறது. அதை லாபம் கணக்கிடுவதற்கு முன்பே செலவில் எழுதிவிடுவார்கள். லாபம் இல்லாத வருஷத்திலும் அது உங்களுக்கு வரும். ஆனால் பங்குக்கு எல்லை போட்டுவிட்டு மிச்சத்தை யாருக்குத் தருவது என்பதில் நான் போன சங்கங்களில் ஒன்றுபோல் ஒன்று இல்லை. ஒரு சங்கம் கடன் வட்டியில் அரை சதவீதம் குறைத்தது. இன்னொன்று கட்டட நிதியில் போட்டது. இரண்டு இடத்திலும் கூட்டம் ராத்திரி வரை நீண்டது.

கடலூர் டீச்சர்

பங்கை மட்டும் வைத்திருப்பவர்களுக்கு அந்தப் பதில் போதாது சார். செப்டம்பருக்குள் எங்கள் பேரவைக் கூட்டம் வரும். நான் கேட்கத்தான் போகிறேன்.

திருச்சி வாசி

கேளுங்கள் மேடம், என்ன சொன்னார்கள் என்று இங்கே எழுதுங்கள். தணிக்கையாளர் ஐயா சொன்னதை நேற்று ராத்திரி என் மனைவிக்குப் படித்துக் காட்டினேன். முழுக்கக் கேட்டுவிட்டு, வீட்டுக்கடன் பாஸ்புக்கை எடுத்துவரச் சொன்னாள். 2004-ல் நமக்கு என்ன வட்டி, அதே வருஷம் அவள் அண்ணன் வெளியே வாங்கிய கடனுக்கு என்ன வட்டி என்று இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் பென்சிலால் எழுதிக்கொண்டிருக்கிறாள். இன்னும் கூட்டி முடிக்கவில்லை.