புதுப்பிப்பு: மனைவிக்குச் சிங்களத்தில் எழுதிய மன்னிப்பு

என் கேள்வி: "சண்டையில் மாமியைப் பற்றிக் கூடாத சொல் சொல்லிவிட்டேன். மனைவி யாழ்ப்பாணத்தை விட்டுக் குருநாகலுக்குப் போய்விட்டா. சிங்களத்தில் மன்னிப்பு எழுத வேணும், கந்தோர்க் கடிதம் போல இருக்கக்கூடாது."

உதவிய எல்லோருக்கும் நன்றி. 'நீங்கள்' என்பதற்குச் சிங்களத்தில் 'ஒப' என்றால்தான் மரியாதை என்று ஒருவர் சொன்னதை முதலில் கேட்டேன். வாசித்தால் எனக்கே கந்தோர் வாடை அடித்தது. சிங்களம் படிப்பிக்கும் அக்கா சொன்னபடி, வீட்டில் கூப்பிடும் 'ஒயா'வுக்கு மாறினேன். வருந்துகிறேன் என்ற 'கணகாட்டுயி' போய், என்னை மன்னியுங்கோ என்ற 'மட்ட சமாவென்ன' வந்தது.

இடறியது வினைச்சொல்லில். 'மட்ட கியவுணா', அதாவது அறியாமல் வாயில் வந்துவிட்டது என்று எழுதியிருந்தேன். "தானாக வந்ததா, நீங்கள் சொன்னதா?" என்று மட்டும் மனைவியிடமிருந்து பதில் வந்தது. அக்கா இதையும் எச்சரித்திருந்தா, நான்தான் கவனிக்கவில்லை. உடனே 'மம கிவ்வா, மகே வெரத்த' என்று திருத்தி அனுப்பினேன்: நான்தான் சொன்னேன், என் பிழை. முடிவில் 'செல்லம்' என்பதைத் தமிழிலேயே விட்டேன். மனைவி எழுத்துக்கூட்டி வாசிக்கும் சில தமிழ்ச் சொற்களில் அதுவும் ஒன்று.

இரவு ஒன்பதரைக்கு அழைப்பு வந்தது. முதலில் என் ணகர னகரப் பிழைகளைத் திருத்தினா, அப்புறம்தான் மற்றதெல்லாம் கதைத்தோம். மாமி இன்னும் கதைக்கவில்லை.