சீன ஸ்பெக்கில் வரும் எண்ணும் அளவைச்சொற்கள்: உங்களை மாட்டிவிட்டது எது?

அரைச்செட்

என்னுடையது 套. உச்சரிப்பு ஏறக்குறைய 'தாவ்'. கன்வேயர் ரோலர் உதிரிபாகங்களுக்கான ஸ்பெக், மொத்தம் 11 பக்கம். அதில் இந்த இரண்டு வரிகள்:

```
深沟球轴承 6204-2RS   2000套
六角头螺栓 M10×40(配螺母、平垫、弹垫)   2000套
```

மேலே பால் பேரிங், கீழே நட்டும் இரண்டு வகை வாஷரும் சேர்ந்த போல்ட். இரண்டுக்கும் `2000 sets` என்று போட்டேன். அகராதியில் 套 என்றால் செட், அவ்வளவுதானே. மூன்று நாள் கழித்து வாங்குபவரிடமிருந்து ஒரு வரிக் கேள்வி வந்தது: பேரிங்கில் ஒரு செட் என்றால் எத்தனை?

இங்கேதான் இன்னும் உறுத்துகிறது. எனக்குத் தெரியாது என்று எழுதியிருக்கலாம். தயாரிப்பாளரிடம் கேளுங்கள் என்றாவது எழுதியிருக்கலாம். ரோலருக்கு இரு முனை, முனைக்கு ஒரு பேரிங், ஆகவே செட்டுக்கு இரண்டு என்று நானே முடிவு கட்டிப் பதில் அனுப்பினேன். அவர்களுக்கு 1000 ரோலர். எனவே 1000 செட் ஆர்டர் போட்டார்கள். வந்தது 1000 பேரிங். அப்புறம் ஒரு படம் அனுப்பினார்கள்: வரிசையாக அடுக்கிய ரோலர்கள், ஒரு முனையில் பேரிங், மறுமுனை வெறும் ஓட்டை. திட்டி ஒரு வார்த்தை எழுதவில்லை, அந்தப் படம் மட்டும்தான்.

எட்டாம்வரி

இதனால்தான் நான் எல்லா அளவைச்சொல்லையும் தூக்கிவிடுகிறேன். ஆங்கிலத்துக்கு அது தேவையே இல்லை. ஒருமுறை 3把 என்று இருந்த ஸ்குரூடிரைவர் வரியை, புதிதாகச் சேர்ந்த ஒருவர் 'மூன்று கைப்பிடி' என்று மொழிபெயர்த்திருந்தார். கைப்பிடி உள்ள கருவிகளை எண்ண 把 வரும், அவ்வளவே. வாங்குபவர் கைப்பிடி மட்டும் தனியாக விற்கிறீர்களா என்று கேட்டார். 台, 个, 支, 把 எதுவானாலும் எண்ணை எழுது, பொருளை எழுது, பிரச்சினை முடிந்தது. 套-க்கும் இதேதான். பேரிங் 2000 என்று போட்டிருந்தால் உங்களுக்கு அந்தப் படம் வந்திருக்காது.

கையுறைக்காரி

எட்டாம்வரி, உங்கள் முறையைப் பின்பற்றித்தான் நான் மாட்டினேன். பெட்டிக்கு 100只 என்று நைட்ரைல் கையுறை ஸ்பெக். 只-ஐத் தூக்கிவிட்டு, கையுறை, பெட்டிக்கு 100 என்று எழுதினேன். படித்தவர் 100 ஜோடி என்று எடுத்துக்கொண்டார். 只 என்பது ஜோடியில் ஒற்றை. 100只 என்றால் 50 ஜோடி. ஜோடியாக இருந்தால் 双 என்றோ 副 என்றோ எழுதியிருப்பார்கள். எண்ணுக்குப் பின்னால் இருந்த அந்த ஒற்றை எழுத்துதான் முழுத் தகவலும். அதைத்தான் நான் தூக்கிப் போட்டேன்.

அதே ஸ்பெக்கில் இரண்டு பக்கம் தள்ளி வேலைக் கையுறை, 10打. அது டஜன், ஆனால் கையுறை வியாபாரத்தில் டஜன் ஜோடி. ஆக 120 ஜோடி, 240 ஒற்றை. அதையும் தூக்கிவிட்டால் பத்துக் கையுறை என்று ஆகிவிடும், இல்லையா?

ஸ்குரூடிரைவருக்கு உங்கள் முறை சரி, மறுக்கவில்லை. இரண்டாக வரும் பொருளுக்கு அந்த முறையைக் கொண்டுவராதீர்கள்.

எட்டாம்வரி

打 டஜன் என்று யாருக்குத் தெரியாது? அதை நான் தூக்கச் சொல்லவில்லை. நான் சொன்னது பொருளை எண்ண மட்டும் வரும் சொற்களை.

கையுறைக்காரி

'எல்லா அளவைச்சொல்லையும்' என்று மேலே எழுதியிருக்கிறீர்கள். போய்ப் படித்துப் பாருங்கள்.

நாலு பேட்டரி

என் அனுபவமும் இதேதான். 5号电池4节 என்று ஒரு ரிமோட் பொம்மைக்கு வந்தது. ஐந்தாம் எண் பேட்டரி, நான்கு பிரிவுகள் என்று கொடுத்துவிட்டேன். சீனாவில் 5号 என்பது நம் ஏஏ, 7号 என்பது ஏஏஏ என்று பிறகுதான் தெரிந்தது. 节 பேட்டரியை எண்ணும் சொல். நாலு ஏஏ பேட்டரி, அவ்வளவுதான். ஐந்தாம் எண் பேட்டரி எந்தக் கடையிலும் இல்லை என்று வாடிக்கையாளர் எழுதினார்.

இப்படி எண்ணால் வரும் பெயர்களுக்கு யாரிடமாவது முழுப் பட்டியல் இருக்கிறதா?

கையுறைக்காரி

நீங்கள் சொல்வது அளவுப் பெயர். இங்கே பேச்சு எண்ணும் சொல்லைப் பற்றி. 节 மட்டும் பொருந்துகிறது, 5号 பொருந்தாது.

எண்ணெய்க்கறை

பேரிங் தொழிற்சாலையில் மொழிபெயர்ப்பாளராக ஒன்பது வருடம் இருந்தேன், அதனால் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன்.

சீனாவில் பேரிங்கை எண்ணுவதே 套-இல்தான். ஆண்டு உற்பத்தியைக்கூட இத்தனை கோடி 套 என்றுதான் சொல்வார்கள். உள்வளையம், வெளிவளையம், குண்டுகள், அவற்றைப் பிடித்திருக்கும் கூண்டு, எல்லாம் சேர்ந்து முழுமையானது ஒன்று என்று பொருள். ஆக 2000套 என்றால் 2000 பேரிங், வேறெதுவும் இல்லை. கீழே போல்ட் வரியில் அதே எழுத்துக்கு நிஜமாகவே செட் என்று பொருள்: போல்ட், நட், இரண்டு வாஷர். அங்கே பீஸ் என்று மாற்றியிருந்தால் வாங்குபவர் நட்டைத் தனியாக ஆர்டர் செய்திருப்பார். ஒரே தாளில், அடுத்தடுத்த வரியில், ஒரே எழுத்துக்கு இரண்டு மொழிபெயர்ப்பு வேண்டியிருக்கிறது. சொற்பட்டியலில் ஒரு முறை பதித்துவிட்டால் எல்லா இடத்திலும் அதுவே ஓடும் என்று நினைப்பவர்கள் இந்த எழுத்தில்தான் விழுவார்கள்.

பிரித்துப் பார்க்க நான் கேட்டுக்கொள்வது ஒன்றுதான்: உள்ளே இருப்பவை தனித்தனிப் பொருளாகக் கைக்கு வருமா, ஒன்றாகப் பூட்டப்பட்டு வருமா? 6204 பூட்டப்பட்டு வரும், கையால் பிரிக்க முடியாது. போல்ட்டும் நட்டும் தனித்தனி. பிறகு, அடைப்புக்குள் 配 என்று தொடங்கும் ஒரு துணைப்பட்டியல் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இருந்தால் பெரும்பாலும் அது நிஜ செட். உங்கள் போல்ட் வரியில் இருக்கிறது, பேரிங் வரியில் இல்லை.

பேரிங்கில் ஆங்கில 'செட்' வார்த்தையை நான் பயப்படுவதற்கு இன்னொரு காரணம் உண்டு. 7205 மாதிரி ஆங்குலர் காண்டாக்ட் பேரிங்குகளை இரண்டிரண்டாகப் பொருத்தி விற்பார்கள். பின்னால் டிபி, டிஎஃப், டிடி என்று குறி வரும். அங்கே ஆங்கிலம் படிக்கும் பொறியாளருக்கு செட் என்றால் பொருத்தப்பட்ட ஜோடிதான். சீனத்தில் அதை 配对 என்றோ, 组 அல்லது 对 வைத்தோ சொல்வார்கள். உங்கள் வாங்குபவர் கேட்ட கேள்வி முட்டாள்தனமானது அல்ல. அவருடைய மொழியில் அந்தச் சந்தேகத்துக்கு இடம் இருக்கிறது.

சந்தேகம் வந்தால் எடையைப் பாருங்கள். 6204 ஒன்று நூறு கிராமுக்குச் சற்று மேல், 106 என்று வைத்துக்கொள்ளலாம். 2000 என்றால் 212 கிலோ. செட்டுக்கு இரண்டு என்றால் நிகர எடை 424 வர வேண்டும். தாளிலோ பேக்கிங் லிஸ்ட்டிலோ நிகர எடை இருந்தால் இரண்டு நிமிடத்தில் விடை கிடைத்துவிடும்.

சரக்குத்தாள்

எண்ணெய்க்கறை சொன்னது சரி, ஆனால் 'பீஸ்' என்று மாற்றுவதில் ஒரு ஆபத்து இருக்கிறது. நான் வங்கியில் லெட்டர் ஆஃப் கிரெடிட் ஆவணங்கள் பார்த்தவன். என் கதை சின்னது: ஸ்பெக்கில் மொழிபெயர்ப்பாளர் நல்ல எண்ணத்தில் `2000 pcs` என்று போட்டார். சீனத் தயாரிப்பாளரின் ஆங்கில இன்வாய்ஸில் `2000 SETS`. கிரெடிட்டில் பீஸ். ஆவணம் நின்றது, பணம் எட்டு நாள் தாமதம்.

யூசிபி 600 விதிகளின்படி ஆவணங்கள் வார்த்தைக்கு வார்த்தை ஒன்றாக இருக்க வேண்டியதில்லை. ஆனால் ஒன்றோடொன்று முரண்படக் கூடாது, இன்வாய்ஸில் உள்ள பொருள் விவரம் கிரெடிட்டோடு பொருந்த வேண்டும். செட்டும் பீஸும் முரண்தானா என்று நாமே விவாதித்துக்கொண்டிருக்கலாம், ஆனால் தாளைப் பார்க்கும் அதிகாரி அந்த நிமிடத்தில் என்ன நினைக்கிறார் என்பதுதான் நடக்கும். ஆகவே என் யோசனை: அலகை மாற்றாதீர்கள், பக்கத்தில் ஒரு குறிப்பு சேருங்கள்.

```
2000 sets (1 set = 1 bearing)
```

இப்படி எழுதினால் வங்கிக்கும் சரி, பொறியாளருக்கும் சரி. இன்னொன்று, யாரும் கேட்கவில்லை என்றாலும் சொல்கிறேன். பேக்கிங் லிஸ்ட்டிலும் சுங்கப் படிவத்திலும் 件数 என்று ஒரு கட்டம் வரும். 件 என்றால் பீஸ் என்று படித்தவர்கள் அங்கே பீஸ் எண்ணிக்கை என்று போட்டுவிடுவார்கள். அது பொதிகளின் எண்ணிக்கை, அதாவது எத்தனை அட்டைப்பெட்டி அல்லது எத்தனை பாலெட். 2000 பேரிங் 40 பெட்டியில் போனால் அந்தக் கட்டத்தில் 40 இருக்கும். அதைப் பீஸ் என்று மொழிபெயர்த்தால் இன்வாய்ஸுக்கும் இதற்கும் 1960 இடிக்கும். புதியவர்களுக்கு நான் முதலில் சொல்வது இந்தக் கட்டத்தைத்தான். முதல் பெட்டியின் எடையை அந்தக் கட்டத்தில் உள்ள எண்ணால் பெருக்கி மொத்த எடையோடு ஒப்பிடச் சொல்வேன், அதைச் செய்தாலே பாதி தவறு அகப்பட்டுவிடும்.

எண்ணெய்க்கறை

குறிப்பு சேர்ப்பது வங்கிக்கு நல்லது, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் ஸ்பெக்கைப் படிக்கும் பொறியாளர் அந்த அடைப்புக்குறியைப் படிக்காமல் எண்ணை மட்டும் எடுத்து எக்செலில் ஒட்டுவார். அப்போது மறுபடியும் செட்தான் நிற்கும். ஸ்பெக்கும் இன்வாய்ஸும் ஒரே ஆவணம் இல்லை, ஸ்பெக்கில் நான் பேரிங் என்றே எழுதுவேன்.

சரக்குத்தாள்

அப்படியானால் இன்வாய்ஸ் வரும் நாளில் என்னைக் கூப்பிடாதீர்கள்.

நாலு பேட்டரி

பட்டியல் யாரிடமும் இல்லையா?

அரைச்செட்

எண்ணெய்க்கறை எடையைச் சொன்னதும் பழைய கோப்பைத் திறந்து பார்த்தேன். பக்கம் 7, பேரிங் அட்டவணையின் கடைசி நிரல், சீனத்தில் `0.106kg/套`. அதற்குப் பக்கத்தில் என் மொழிபெயர்ப்பு: `0.106 kg/set`. வாங்குபவர் கேட்பதற்கு நான்கு நாளைக்கு முன் நானே தட்டியது. இரண்டு 6204 ஒன்றாக 106 கிராமில் வராது, வாங்குபவரும் பார்த்திருக்கலாம்தான், ஆனால் அவர் கேட்டது என்னிடம்.

விலையையும் இப்போது பார்த்தேன். இரண்டு பேரிங்குக்கு அது மிகவும் மலிவு. அன்றைக்கு நல்ல விலை என்றுதான் எல்லோரும் நினைத்தோம்.