ஒரே டேப்பில் இரண்டு அகலம்: பாதி வீடியோ மட்டும் ஒடுங்கித் தெரிந்த அனுபவம்

அம்மாபேட்டை எடிட்டர்

பழைய கல்யாண வீடியோக்களைப் புதுப்பித்துத் தரும் வேலை செய்கிறேன். போன மாதம் ஒரு குடும்பம் ஹார்ட் டிஸ்க் ஒன்றைக் கொண்டுவந்தது. 2007இல் சேலத்தில் ஒரு மண்டபத்தில் MiniDV டேப்பில் எடுத்த கல்யாணம். வேறொரு கடையில் டேப்பை ஓடவிட்டு, முழுவதையும் ஒரே ஏவிஐ கோப்பாக எடுத்துக் கொடுத்திருக்கிறார்கள். முதல் நாள் மாலை வரவேற்பு, மறுநாள் காலை முகூர்த்தம், எல்லாம் அந்த ஒரே கோப்பில்.

பிரீமியரில் ஏற்றிப் பார்த்தேன். வரவேற்பு சரியாக இருந்தது. முகூர்த்தம் தொடங்கும் நொடியிலிருந்து எல்லோரும் ஒடுங்கி உயர்ந்துவிட்டார்கள். மணப்பெண்ணின் முகம் நீண்டு, நாதஸ்வரக்காரரின் தோள் குறுகி, மண்டபத் தூண்கள் மெலிந்து தெரிந்தன. கோப்பு பழுதாகிவிட்டதா என்று அவர்கள் பயந்தார்கள். பழுது எதுவும் இல்லை. படம் பிடித்தவர் காலையில் கேமராவை அகலத்திரை முறைக்கு மாற்றியிருக்கிறார், அவ்வளவுதான்.

இந்த வகை டேப்பில் சாதாரணப் படமும் 720க்கு 576தான், அகலத்திரைப் படமும் 720க்கு 576தான். புள்ளிகளின் எண்ணிக்கை மாறுவதில்லை. ஒவ்வொரு புள்ளியையும் எவ்வளவு அகலமாகக் காட்ட வேண்டும் என்பது மட்டுமே மாறுகிறது. இரண்டிலுமே புள்ளி சதுரம் கிடையாது. சாதாரணப் படத்தில் அதன் அகலம் உயரத்தைவிடச் சற்று அதிகம். அகலத்திரையில் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்கு. எப்படிக் காட்ட வேண்டும் என்ற குறிப்பு படத்தோடு சேர்ந்து பதிவாகும். எடிட்டிங் மென்பொருள் கோப்பின் தொடக்கத்தில் உள்ள குறிப்பைப் படித்து, முழுக் கோப்புக்கும் அதையே வைத்துக்கொண்டது.

கண்ணால் பார்த்து முடிவு செய்ய எனக்கு விருப்பமில்லை. மணமேடைக்குப் பின்சுவரில் ஒரு வட்டக் கடிகாரம் இருந்தது. கேமரா அதை நேராகப் பார்க்கிறது. இரு பகுதியிலிருந்தும் ஒவ்வொரு படத்தை, புள்ளிகளை மாற்றாமல் வெளியே எடுத்தேன்.

```
ffmpeg -ss 00:52:00 -i tape1.avi -frames:v 1 test.png
```

அதைப் படம் திருத்தும் மென்பொருளில் திறந்து, கடிகாரத்தைச் சுற்றிக் கட்டம் போட்டு அளந்தேன். முகூர்த்தப் பகுதியில் உயரம் 120 புள்ளி, அகலம் 82. அகலத்தை உயரத்தால் வகுத்தால் 0.68. வரவேற்பில் அதே கடிகாரம் உயரம் 120, அகலம் 110, அதாவது 0.92. சதுரப் புள்ளியாகப் பார்க்கும்போது சாதாரண PAL படத்தில் வட்டம் 0.91 அளவிலும், அகலத்திரையில் 0.69 அளவிலும் இருக்க வேண்டும். இரண்டும் பொருந்தின. சந்தேகம் தீர்ந்தது.

பிறகு பிராஜெக்ட் பேனலில் அந்த கிளிப்பை Duplicate செய்து, நகலின் மீது வலது கிளிக், Modify, Interpret Footage. அங்கே Pixel Aspect Ratio பகுதியில் Conform to என்பதைத் தேர்ந்து D1/DV PAL Widescreen 16:9 (1.4587) என்று வைத்தேன். வரவேற்பை மூல கிளிப்பிலிருந்தும், முகூர்த்தத்தை நகலிலிருந்தும் வெட்டிப் போட்டேன். நகல் எடுக்காமல் மூல கிளிப்பிலேயே மாற்றினால் முகூர்த்தம் சரியாகிவிடும், வரவேற்பில் இருப்பவர்கள் பருத்துவிடுவார்கள். டைம்லைன் 1920க்கு 1080, சதுரப் புள்ளி.

இப்படி ஒரே டேப்பில் இரண்டு முறை கலந்து வந்த அனுபவம் வேறு யாருக்காவது உண்டா?

ஆத்தூர் தம்பி

அண்ணே, இதற்கு இவ்வளவு சுற்று வேண்டுமா? நான் டைம்லைனிலேயே Uniform Scale டிக்கை எடுத்துவிட்டு, அகலத்தை மட்டும் 133% இழுத்துவிடுவேன். முகம் சரியாகிவிடும். வாடிக்கையாளரும் ஒன்றும் சொன்னதில்லை.

அம்மாபேட்டை எடிட்டர்

கணக்கு சரிதான் தம்பி. 1.4587ஐ 1.094ஆல் வகுத்தால் 1.333 வரும், திரையில் வடிவம் சரியாகவே தெரியும். ஒரே துண்டு என்றால் நானும் ஒன்றும் சொல்ல மாட்டேன். ஆனால் முகூர்த்தத்தில் வெட்டு நிறைய. மூல கிளிப்பிலிருந்து புதிதாக ஒரு துண்டு எடுத்துப் போடும் ஒவ்வொரு முறையும் அது ஒடுங்கியபடியேதான் வரும். ஏதாவது ஒன்றை இழுக்க விட்டுப்போனாலும் ஆல்பத்தின் நடுவே தெரியும். இன்னொன்று, அடுத்த வருடம் வேறொருவர் அந்த பிராஜெக்டைத் திறந்து Interpret Footage வழியாகச் சரி செய்தால், நீங்கள் இழுத்ததும் அதுவும் சேர்ந்து எல்லோரும் இரண்டு முறை அகலமாகிவிடுவார்கள். குறை கிளிப்பைப் புரிந்துகொண்ட விதத்தில் இருக்கிறது. அங்கேயே தீர்ப்பது நல்லது.

ஓமலூர் வாசகி

எங்கள் வீட்டிலும் இதே தொல்லைதான். என் அக்கா கல்யாண டிவிடியைப் போட்டால் எல்லோரும் குட்டையாகப் பருத்துத் தெரிகிறார்கள். டிவிடியை உங்களிடம் கொண்டுவந்தால் சரி செய்து தருவீர்களா?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்

கொண்டுபோவதற்கு முன் ஒன்று பாருங்கள் அம்மா. டிவி ரிமோட்டில் படத்தின் அளவை மாற்றும் பொத்தான் இருக்கும். அதை 4:3 என்று வையுங்கள். பருத்துத் தெரிந்தவர்கள் சரியாகிவிட்டால் டிவிடியில் குறை இல்லை. அகலமான டிவி, பழைய சாதாரணப் படத்தை முழுத் திரைக்கும் இழுத்துக் காட்டுகிறது என்று பொருள். இங்கே பேசுவது கோப்பைப் பற்றி. உங்களுடையது டிவி அமைப்பாக இருக்கவே வாய்ப்பு அதிகம்.

அம்மாபேட்டைத் தம்பிக்கு: சரியான வழியில் போயிருக்கிறீர்கள். டேப்பிலிருந்து எடுத்த கோப்பு மறுபடி சுருக்கப்படாமல் இருந்தால், ஒவ்வொரு ஃபிரேமிலும் அந்தக் குறிப்பு இருக்கும். சந்தேகமான இடத்துக்குப் போய் அதைக் கேட்டுப் பார்க்கலாம்.

```
ffmpeg -ss 00:52:00 -i tape1.avi -vf showinfo -frames:v 1 -f null -
```

வரும் வரியில் sar:64/45 என்று இருந்தால் அகலத்திரை, sar:16/15 என்றால் சாதாரணம். யாராவது இடையில் எம்பி4 ஆக மாற்றியிருந்தால் ஃபிரேம்வாரியான குறிப்பு போய்விடும். அப்போது உங்கள் கடிகாரம் ஒன்றுதான் சாட்சி.

நான் அடிபட்டுக் கற்ற இன்னொன்றையும் சொல்கிறேன். சில பழைய ஹேண்டிகேம்களில் அகலத்திரை என்று போட்டால், மேலும் கீழும் கறுப்புப் பட்டை வைத்து சாதாரண 4:3 படமாகவே பதிவு செய்யும். பட்டையைப் பார்த்ததும் அகலத்திரை என்று நினைத்து 1.4587 கொடுத்தால் எல்லோரும் பருத்துப்போவார்கள். அதில் வட்டத்தை அளந்தால் 0.91தான் வரும்; அந்த கிளிப்பின் விகிதத்தைத் தொடவே கூடாது. பட்டை வேண்டாம் என்றால் படத்தைப் பெரிதாக்கி மேலும் கீழும் வெட்டிக்கொள்ளலாம்.

ஏற்காடு மலைவாசி

எனக்கு நடந்தது வேறு வகை. சில வருடங்களுக்கு முந்தைய கோடை விழாவில், ஒரு நண்பர் HDV கேமராவில் அண்ணா பூங்கா மலர்க் கண்காட்சியையும் ஏரியில் படகுகளையும் எடுத்தார். அதை எம்பி4 ஆக்கிக் கொடுத்தார்கள். கோப்பு 1440க்கு 1080. ஏற்றினால் படகுகள் எல்லாம் நெருக்கியதுபோல இருந்தன. HDVயிலும் புள்ளி சதுரம் இல்லை. 1440 புள்ளியை 1920 அகலத்துக்கு விரித்துக் காட்ட வேண்டும். மாற்றியபோது அந்தக் குறிப்பு தொலைந்திருக்கிறது. Interpret Footage-இல் HD Anamorphic 1080 (1.333) வைத்ததும் சரியானது.

வட்டம் தேடியபோது பூங்காவில் பூக்களால் போட்டிருந்த பெரிய கோலத்தை அளந்தேன், 0.5க்கும் கீழே வந்து குழம்பிப்போனேன். தரையில் கிடக்கும் வட்டத்தைச் சாய்வாகப் பார்த்தால் அது எப்படியும் நீள்வட்டம்தான் என்பது பிறகு புரிந்தது. அதே கோப்பில் லேடீஸ் சீட்டிலிருந்து எடுத்த இரவுக் காட்சி இருந்தது. கீழே சேலத்தின் விளக்குகள், மேலே முழு நிலவு. நிலவை அளந்தேன், சரியாக 0.75. கோளத்தை எந்தப் பக்கத்திலிருந்து பார்த்தாலும் வட்டம்தான். கடிகாரம் கிடைக்காதவர்கள் பந்தையோ உருண்டை விளக்கையோ தேடுங்கள். ஃபிரேமின் ஓரத்தில் இருப்பதை விட்டு நடுவில் இருப்பதை எடுங்கள். நிலவு என்றால் அடிவானத்தை ஒட்டி இருப்பது வேண்டாம். அங்கே அது சற்றுத் தட்டையாகத் தெரியும்.

ஆத்தூர் தம்பி

நேற்று ஒரு காதுகுத்து வீடியோவில் பார்த்தேன், கை அசையும்போது சீப்புப் பல் மாதிரி கோடுகள் தெரிகின்றன. இதுவும் விகிதம் மாற்றினால் போய்விடுமா?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்

போகாது தம்பி. அது இன்டர்லேஸ் சங்கதி, இதற்குச் சம்பந்தமில்லை. ஆனால் படத்தைப் பெரிதாக்குவதற்கு முன் அதைச் சரி செய்யுங்கள்.

அம்மாபேட்டை எடிட்டர்

ஐயா, அந்த showinfo கட்டளை வேலை செய்தது. முகூர்த்தத்தில் 64/45, வரவேற்பில் 16/15 என்று சுத்தமாகக் காட்டியது. ஒன்று மட்டும் புரியவில்லை. 64ஐ 45ஆல் வகுத்தால் 1.4222 வருகிறது, பிரீமியர் 1.4587 என்கிறது. 1080 டைம்லைனில் படத்தை உயரத்துக்குப் பொருத்த 187.5% பெரிதாக்கினால், அகலம் 1969 புள்ளி ஆகி ஒவ்வொரு பக்கமும் சுமார் 25 புள்ளி வெளியே போகிறது. 1.4222 என்றால் 1920இல் கச்சிதமாக உட்காருகிறது. எதை நம்புவது?

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்

இது பழைய வழக்கு. சிஎஸ்3 வரை பிரீமியரும் 1.42 என்றுதான் வைத்திருந்தது. 2008இல் வந்த சிஎஸ்4இல் மாற்றினார்கள். காரணம், பழைய அனலாக் முறையில் 720 புள்ளியில் நடுவில் உள்ள 702 மட்டுமே உண்மையான படம். இரு ஓரமும் விளிம்புக்கு விட்ட இடம். அந்த 702தான் 16:9 என்று கணக்கிட்டால், 1024ஐ 702ஆல் வகுத்து 1.4587 கிடைக்கும். முழு 720உம் 16:9 என்றால் 1.4222. இரண்டுக்கும் வித்தியாசம் இரண்டரை சதவீதம்தான்; முகத்தில் யாருக்கும் தெரியாது.

உங்கள் படத்தின் இரு ஓரத்திலும் எட்டு ஒன்பது புள்ளி அகலத்துக்குக் கறுப்பு இருக்கிறதா என்று பாருங்கள். இருந்தால் 1.4587 வையுங்கள், வெளியே போவது அந்தக் கறுப்புதான். விளிம்பு வரை படம் நிறைந்திருந்தால் எனக்கே தீர்மானம் இல்லை. நான் 1.4587ஐயே வைத்துக்கொள்கிறேன்.

ஏற்காடு மலைவாசி

நான் ஒப்புக்கொள்ள மாட்டேன் ஐயா. விளிம்பு வரை படம் இருந்தால் ஓரத்தில் நிற்பவரின் தோளை ஏன் வெட்ட வேண்டும்? அங்கே 1.4222தான் நியாயம். பிரீமியர் பட்டியலில் அந்த எண் இல்லாததால், அப்படிப்பட்ட கிளிப்பை நான் ரிசால்வில் Clip Attributes வழியாகச் செய்கிறேன்.

செவ்வாய்ப்பேட்டை ஸ்டுடியோக்காரர்

ரிசால்வ் உள்ளே எந்த எண்ணை எடுத்துக்கொள்கிறது என்று நீங்கள் அளந்தீர்களா? கடிகாரத்தை இரண்டிலும் ஏற்றி அளந்து சொல்லுங்கள், பிறகு பேசலாம்.

அம்மாபேட்டை எடிட்டர்

என் கோப்பின் முகூர்த்தப் பகுதியில் இடது ஓரத்தில் கறுப்பு இருக்கிறது, வலதில் இல்லை. கடிகாரம் சிறியது, 120 புள்ளியில் ஒரு புள்ளி தவறினாலே ஒரு சதவீதம் போய்விடுகிறது, அதனால் இந்த இரண்டரை சதவீதத்தை அதை வைத்து உறுதியாகச் சொல்ல முடியவில்லை. மணமேடையை நெருக்கமாகக் காட்டும் காட்சியில் பெரிய உருண்டை விளக்கு ஒன்று வருகிறது. அதை அளந்துவிட்டு எழுதுகிறேன். அதுவரை 1.4587லேயே வேலை நடக்கிறது.