பொருள்: [கலைச்சொல்] இன்வாய்ஸ் டிராக்கர்ல 'பெய்டு'க்கு என்ன போடலாம்?

கதிர்:

எல்லாருக்கும் வணக்கம். தனியா வேலை எடுத்து செய்றவங்களுக்கும் ரெண்டு மூணு பேர் சேர்ந்து நடத்துற சின்ன நிறுவனங்களுக்கும்னு ஒரு இன்வாய்ஸ் டிராக்கர் ஷீட் தமிழ்ல போட்டுட்டிருக்கேன். பெரிய கணக்கு மென்பொருள் எல்லாம் இல்ல, ஒரு இன்வாய்ஸுக்கு ஒரு வரி, அது இப்ப எந்த நிலையில இருக்குன்னு ஒரு கட்டம், வாரம் ஒரு தடவ உக்காந்து முழுசா பாக்கணும், அவ்ளோதான். டிராஃப்டுக்கு 'வரைவு'ன்னு போட்டாச்சு, அதுல யாருக்கும் சண்டை இருக்காது. சென்ட்டுக்கு 'அனுப்பியது'. பெய்டுக்கு 'செலுத்தப்பட்டது'ன்னு போட்டிருக்கேன், ஆனா படிக்கும்போது இடிக்குது. ஓவர்டியூவுக்கு 'நிலுவை'ன்னு தற்காலிகமா வெச்சிருக்கேன். உங்க கருத்து வேணும்.

ரஹ்மான்:

செலுத்தப்பட்டது சரியாத்தான இருக்கு? எங்க கடையில சப்ளையர் பில் வந்தா நாங்க அப்படித்தான் குறிச்சு வெக்கிறோம். பில் வரும், சரக்கு சரியா இருக்கான்னு பாப்போம், பணத்த கட்டுனதும் 'செலுத்தியாச்சு'ன்னு எழுதி ஃபைல்ல போட்டுருவோம். 'வரைவு' எதுக்குன்னுதான் புரியல, சப்ளையர் நமக்கு வரைவு அனுப்ப மாட்டாரே.

மீனாட்சி:

ரஹ்மான் அண்ணா, நீங்க சொல்றது நமக்கு வர்ற பில். கதிர் கேக்குறது நாம அடுத்தவங்களுக்கு போட்டு அனுப்புற பில், பணம் நம்ம பக்கம் வரணும். ஆனா நீங்க இப்படி புரிஞ்சுக்கிட்டதே அந்த சொல்லோட பிரச்சினைய காட்டுது பாருங்க. 'செலுத்தப்பட்டது'ன்னு படிச்ச உடனே நாம கட்டுனதாத்தான் மனசு எடுத்துக்குது. ஒரே ஆள் ரெண்டு ஷீட் வெச்சிருந்தா, ஒண்ணு வர வேண்டியது ஒண்ணு குடுக்க வேண்டியது, ரெண்டுலயும் இதே சொல் இருந்தா கட்டாயம் குழப்பம் வரும்.

'நிலுவை'யும் சரியில்ல கதிர். நிலுவைன்னா இன்னும் வரல, அவ்ளோதான். நேத்து அனுப்புன இன்வாய்ஸும் நிலுவைதான், ரெண்டு மாசமா இழுக்குறதும் நிலுவைதான். வாரா வாரம் பாக்குறதோட நோக்கமே இந்த ரெண்டையும் பிரிச்சு பாக்குறதுதான. ஓவர்டியூவுக்கு 'கெடு தாண்டியது'ன்னு போடுங்க, கேட்ட உடனே எல்லாருக்கும் புரியும்.

செல்வம்:

கெடு தாண்டியது அருமை. அப்போ பெய்டுக்கு 'வரவானது' போட்டுரலாம், பணம் நமக்கு வரவு, திசை குழப்பமே இல்ல. நிலை கட்டத்துல வரைவு, அனுப்பியது, கெடு தாண்டியது, பகுதி வரவு, வரவானதுன்னு அஞ்சையும் டிராப்டவுன்ல குடுத்துட்டா வாரம் ஒரு தடவ மாத்திக்கிட்டே வரலாம்.

மீனாட்சி:

> அஞ்சையும் டிராப்டவுன்ல குடுத்துட்டா

செல்வம், திசை பத்தி சொன்னது சரி. டிராப்டவுன்தான் எனக்கு உறுத்துது. நான் பல வருஷமா சின்ன நிறுவனங்களுக்கு வசூல் கணக்கு பாக்குறேன், கையால மாத்துற நிலை கட்டம் நாலு வாரத்துல பொய் சொல்ல ஆரம்பிச்சிரும். கெடு ஒரு புதன்கிழமை தாண்டுது, ஷீட்ட யாரும் தொடல, அது பாட்டுக்கு 'அனுப்பியது'ன்னே காட்டிட்டு நிக்கும். அதனால நிலைய யாரும் டைப் பண்ணவே கூடாது. நடந்தத மட்டும் எழுதணும், அதாவது எந்த நாள் அனுப்புனோம், கெடு எந்த நாள், எவ்ளோ தொகை, எவ்ளோ வந்துச்சு. நிலைய ஷீட்டே கணக்கு போட்டு சொல்லட்டும்.

ஒரு உதாரணம் பாப்போம். இன்வாய்ஸ் எண் 27, தொகை 40,000. மார்ச் 3 அனுப்பியாச்சு, 30 நாள் தவணை, அப்போ கெடு ஏப்ரல் 2. ஏப்ரல் 9 அன்னைக்கு பேங்க்ல 39,400 வருது. 600 எங்கன்னு பாத்தா நடுவுல பேங்க் கமிஷனா பிடிச்சிருக்காங்க. இப்ப செல்வம் சொன்ன மாதிரி பாத்தா இது 'வரவானது'தான், பணம் வந்துருச்சே. ஆனா கணக்கு முடியல. அந்த 600ஐ வாடிக்கையாளர்கிட்ட கேக்கப்போறோமா இல்ல நாமளே ஏத்துக்கிட்டு கழிச்சிடப்போறோமான்னு ஒருத்தர் முடிவு எடுக்கணும், அது வரைக்கும் இந்த வரி திறந்தே இருக்கணும். 'வரவானது'ன்னு மாத்திட்டா அந்த 600 கண்ணுல இருந்தே மறைஞ்சிரும், இப்படி மாசத்துக்கு ரெண்டு மூணு மறைஞ்சா வருஷக் கடைசியில பேங்க் கணக்கும் ஷீட்டும் ஏன் ஒத்துப்போகலன்னு தேடிட்டு இருப்போம்.

ஆக, வரவுங்கிறது பணம் வர்ற நிகழ்ச்சி, ஒரு இன்வாய்ஸுக்கு ரெண்டு மூணு தடவ கூட நடக்கலாம். நமக்கு சொல் வேண்டியது அதுக்கு இல்ல, அந்த இன்வாய்ஸோட கணக்கு முடிஞ்ச நிலைக்கு. அதுக்கு ஏற்கனவே நாம பேசுற சொல் இருக்கு, 'பைசல்'. கடன் பைசல் ஆயிருச்சுன்னா ஒரு பாக்கியும் இல்லன்னு அர்த்தம், முக்கால்வாசி பைசல்னு யாரும் சொல்ல மாட்டாங்க.

கதிர்:

மீனாக்கா, இது எனக்கு தோணவே இல்ல. அப்போ கட்டங்கள இப்படி வெக்கிறேன்: C அனுப்பிய நாள், D கெடு நாள், E தொகை, F வந்தது, G கழிவு. நிலை இதுல இருந்து வரும்:

```
=IF(C2="","வரைவு",IF(F2+G2>=E2,"பைசல்",IF(TODAY()>D2,"கெடு தாண்டியது","அனுப்பியது")))
```

எண் 27ல F கட்டத்துல 39,400 மட்டும் போட்டா 'கெடு தாண்டியது'ன்னு காட்டுது, G கட்டத்துல 600 எழுதுன அடுத்த நொடி பைசல் ஆகுது. 'பகுதி வரவு' தனி நிலையா வேண்டாம்னு நெனைக்கிறேன், பக்கத்துல 'மிச்சம்'னு ஒரு கட்டம் போட்டு E-லிருந்து F-ம் G-ம் போக என்ன இருக்குன்னு காட்டிட்டா போதும்.

செல்வம்:

மீனாக்கா சொன்னத ஒத்துக்கிறேன், நிலைய டைப் பண்ண வேண்டாம். ஃபார்முலாவ போட்டு பாத்தேன், ஒரு ஓட்டை இருக்கு. அனுப்பிய நாள் எழுதிட்டு தொகைய எழுத மறந்துட்டா நேரா பைசல்னு வந்துருது, காலி கட்டத்த பூஜ்யமா எடுத்துக்குது போல. பணமே வராத இன்வாய்ஸ் பைசல் ஆயிட்டா அப்புறம் யாரும் அத திரும்பிக்கூட பாக்க மாட்டாங்க. முதல் பகுதிய `IF(OR(C2="",E2=""),"வரைவு",` னு மாத்துங்க. கெடு நாள் எழுதலன்னா உடனே 'கெடு தாண்டியது'ன்னு வருது, அத அப்படியே விட்டுரலாம், குறைஞ்சபட்சம் கண்ணுல படும்.

அருட்செல்வி:

மன்னிக்கணும், இடையில புகுறேன். பைசல் அரபியில இருந்து வந்த சொல். கலைச்சொல்னு ஒண்ணு புதுசா வெக்கிறப்போ 'தீர்ந்தது'ன்னு வெக்கலாமே. கணக்கு தீர்க்குறது, கடன் தீர்க்குறதுன்னு தமிழ்லயே பேசுறோம். மீனாட்சி சொன்ன அதே அர்த்தம், பாக்கி இல்ல.

மீனாட்சி:

தீர்ந்தது எனக்கும் பிடிக்கும்தான். ஒரே தயக்கம், பட்டியல்ல தனியா ஒரு கட்டத்துல 'தீர்ந்தது'ன்னு நின்னா சரக்கு காலி ஆயிருச்சுன்னு படிக்க வாய்ப்பு இருக்கு. 'கணக்கு தீர்ந்தது'ன்னு முழுசா எழுதினா அந்த சிக்கல் இல்ல, ஆனா நீளம்.

நளினி:

நான் மொழிபெயர்ப்பு வேலை செய்றேன், கணக்கு பத்தி அவ்வளவா தெரியாது. எனக்கு பெய்டு ஓவர்டியூ ரெண்டும் அவ்ளோ பிரச்சினை இல்ல, வாடிக்கையாளருங்க குடுத்துருவாங்க. என் பிரச்சினையே வரைவுதான். வேலைய முடிச்சு குடுத்துருப்பேன், இன்வாய்ஸ பாதி எழுதி வெச்சிருப்பேன், பக்க எண்ணிக்கை சரி பாக்கணும்னு தள்ளிப்போட்டு தள்ளிப்போட்டு அது அங்கயே கிடக்கும். கெடு அனுப்புன நாள்ல இருந்துதான எண்றோம், அப்போ அனுப்பாத இன்வாய்ஸுக்கு கெடுவே கிடையாது, அது எப்பவும் செவப்பாவே மாறாது. இதுக்கு ஏதாவது சொல் இருக்கா?

மீனாட்சி:

நளினி, ரொம்ப முக்கியமான எடத்த தொட்டுட்டீங்க. தாமதமா வர்ற பணம்னாலே எல்லாரும் வாடிக்கையாளர பாப்பாங்க, பாதி நேரம் தாமதம் நம்ம மேசையிலயே இருக்கும். கதிர், 'வேலை முடிந்த நாள்'னு ஒரு கட்டம் சேருங்க. அது நிரம்பியிருக்கு, அனுப்பிய நாள் காலியா இருக்கு, நடுவுல ஏழு நாள் ஓடிருச்சுன்னா நிலை 'தேங்கிய வரைவு'ன்னு மாறட்டும். இன்வாய்ஸ் எண்ணயும் அனுப்புற அன்னைக்கே குடுங்க, வரைவுக்கு எண் குடுத்துட்டு அப்புறம் அந்த வரைவ கைவிட்டா வரிசையில ஓட்டை விழும், தணிக்கை பண்றவங்க முதல்ல கேக்குறதே அத பத்திதான்.

வாராந்திர பார்வைக்கும் ஒரு வார்த்தை. கீழருந்து மேல வரைக்கும் வரிய படிச்சுட்டு மூடுறது பார்வை இல்ல. முதல்ல பேங்க் ஸ்டேட்மென்ட்ட திறந்து அந்த வாரம் வந்த ஒவ்வொரு வரவயும் F கட்டத்துல ஏத்தணும், அப்புறம்தான் நிலைய நம்பணும், இல்லன்னா பணம் குடுத்தவருக்கே நினைவூட்டல் போயிரும். அதுக்கப்புறம் மொத்தத்த ஒத்துப் பாக்கணும். போன வாரம் நிலுவை 1,20,000. இந்த வாரம் புதுசா அனுப்பினது 35,000. வந்தது 39,400, கழிவு 600. அப்போ இந்த வாரம் மிச்சம் கட்டத்தோட கூட்டுத்தொகை, வரைவு வரிகள விட்டுட்டு, 1,15,000 வரணும். வரலன்னா யாரோ பழைய வரியில கை வெச்சிருக்காங்க, இல்ல ஒரு வரவ ரெண்டு வரியில ஏத்திருக்காங்க. ஒரு வாரத்துல நடந்தது மட்டும்தான் தேடணுங்கிறதால சீக்கிரம் மாட்டும், மாசக் கணக்கா விட்டா கஷ்டம்.

ரஹ்மான்:

இப்ப புரிஞ்சுது. நாங்களும் ரெண்டு மூணு ஓட்டலுக்கு கடனுக்கு சரக்கு குடுக்குறோம், அதுக்கு இது ஆகும். பைசல்தான் எங்க கடையில எல்லாருக்கும் வாயில வர்ற சொல், 'கணக்கு தீர்ந்தது'ன்னாலும் புரியும். ஒரு கேள்வி, அவங்க சில நேரம் பில் போடுறதுக்கு முன்னாடியே அட்வான்ஸ் குடுத்துருவாங்க, அத எந்த வரியில எழுதுறது?

கதிர்:

அட்வான்ஸுக்கு இந்த ஷீட்ல இன்னும் எடம் இல்ல அண்ணா. இன்வாய்ஸே இல்லாம F கட்டத்துல எழுத முடியாது, தனி தாள் வெச்சு அப்புறம் இன்வாய்ஸ் போடும்போது அங்கிருந்து கழிக்கணும்னு தோணுது, அதுக்கு 'முன்வரவு'ன்னு பேர் வெக்கலாமா, மீனாக்கா பாத்து சொல்லுங்க.

இப்போதைக்கு வரைவு, தேங்கிய வரைவு, அனுப்பியது, கெடு தாண்டியது நாலும் உறுதி. பெய்டுக்கு ரெண்டு பதிப்பு போடுறேன், ஒண்ணுல பைசல், ஒண்ணுல கணக்கு தீர்ந்தது. அருட்செல்வி, நீங்க ரெண்டாவத உங்க பக்கம் யாராவது ஒரு மாசம் பயன்படுத்தி பாக்க முடியுமா?

அருட்செல்வி:

பாக்குறேன். ஆனா 'கழிவு' கட்டத்துக்கும் வேற பேர் யோசிங்க கதிர், தள்ளுபடி குடுத்ததும் பேங்க் பிடிச்சதும் ஒரே கட்டத்துல விழுது, ரெண்டும் வேற வேற.