புதுப்பிப்பு: கலப்பை போல்ட்டு கழன்றது

கேட்டது: "டிராக்டர் கொக்கிக் கலப்பையில 19 சைஸ் போல்ட்டு ஒண்ணு துருவேறி அசையவே மாட்டேங்குது. கிரீஸ் வெக்கலாமா, சூடு காட்டலாமா?"

எல்லாருக்கும் நன்றி. பாலக்கோடு அண்ணன் சொன்னதுதான் வேலை செய்தது.

கம்பி பிரஷ்ஷால் மரையைத் தேய்த்து, துரு இளக்கும் எண்ணெய் விட்டு, ராத்திரி முழுக்க ஊறவிட்டேன். காலையில் எண்ணெயைச் சுத்தமாகத் துடைத்துவிட்டு (தீப்பிடிக்கும்), கேஸ் டார்ச்சால் நட்டை மட்டும் சூடாக்கினேன். நட்டு விரிந்தால்தான் பிடி விடும். ஆறுபட்டை ரிங் ஸ்பேனரில் முதலில் லேசாக இறுக்கினேன். 'டிக்' என்று விட்டது. முன்பு ஓப்பன் ஸ்பேனர் போட்டதில்தான் மூலை மழுங்கியிருந்தது.

எதிர்பாராதது: பாதியில் மறுபடி இறுகியது. ஆறவிட்டு எண்ணெய் விட்டு, கால் சுற்று முன்னும் பின்னும் ஆட்டியபின் வந்தது.

கிரீஸ் சொன்ன ஓசூர் நண்பருக்கு: அது கெட்டி, இறுகிய மரைக்குள் இறங்காது. திரும்ப மாட்டும்போது தடவினேன், அங்கே அது சரி. பைக் சைலன்சர் ஸ்டட்டு கேட்ட தம்பி, அதில் நான் முயன்றதில்லை.