அடுக்கிய விறகும் அதற்குள் இருக்கும் மரமும்: இரண்டு சொல் வேண்டும், அவசரம்

மங்கை:
வணக்கம். விறகில் ஓடும் கொதிகலன் ஒன்றின் கையேட்டை மொழிபெயர்க்கிறேன், திங்கட்கிழமை கொடுத்தாக வேண்டும். ஓர் அட்டவணையில் மாட்டிக்கொண்டேன். மூலத்தில் இரண்டு அளவு வருகிறது. ஒன்று, விறகை அடுக்கி நீளம், அகலம், உயரம் மூன்றையும் பெருக்கினால் வருவது, இடையில் இருக்கும் காற்றும் அதில் சேர்த்தி. மற்றது, அந்தக் காற்றைக் கழித்த பிறகு மிஞ்சும் மரம் மட்டும். ஜெர்மன்காரர்கள் ரௌம்மீட்டர், ஃபெஸ்ட்மீட்டர் என்று தனித்தனியாக வைத்திருக்கிறார்கள். நான் இரண்டுக்கும் கனமீட்டர் என்றே போட்டேன். இப்போது என் வரி “10 கனமீட்டர் விறகில் சுமார் 7 கனமீட்டர் விறகு உள்ளது” என்று நிற்கிறது. படித்துப் பார்த்த தோழி, மீதி 3-ஐ யார் எரித்தார்கள் என்று கேட்டாள்.

இளங்கோ:
முதலில் “கன” என்பதையே விடுங்கள் அம்மா. அது வடசொல், போதாக்குறைக்கு நம் காதில் எடையாக ஒலிக்கிறது. பருமை, பருமன் என்று நமக்கே சொல் இருக்கிறது. அடுக்கியதற்கு “அடுக்குப் பருமன்”, உள்ளிருக்கும் மரத்துக்கு “திட்பப் பருமன்”. திட்பம் புதுச்சொல் இல்லை, வள்ளுவர் வினைத்திட்பம் என்று ஓர் அதிகாரமே வைத்திருக்கிறார்.

கதிர்:
ஐயா, அவர் கேட்பது அலகின் பெயர், நீங்கள் கொடுத்தது அளவையின் பெயர். “6 அடுக்குப் பருமன்” என்று எப்படி எழுதுவது? அலகையும் மாற்றிப் “பருமீட்டர்” என்றால் முகத்தில் வரும் பருவை அளக்கிற கருவி என்று நினைப்பார்கள். இன்னொன்று, என் வகுப்பில் “அடுக்கு” என்றாலே பிள்ளைகளுக்கு எண்ணின் தலையில் ஏறி உட்காரும் அடுக்குதான். மீட்டரின் அடுக்கு 3 என்று அதே பாடத்தில் வேறு சொல்லிக்கொடுத்திருப்பேன்.

பொருளைப் பற்றியும் ஒன்று. அந்த 7 எல்லா விறகுக்கும் வராது. மெல்லிய குச்சி என்றால் இடைவெளி சின்னது, அதனால் மரம் அதிகம். தடித்த கட்டை என்றால் பெரிய பெரிய ஓட்டை, அதனால் காற்று அதிகம்.

பரமசிவம்:
பல வருடம் மரம் அளந்த கை என்பதால் குறுக்கே வருகிறேன். கதிர் தம்பி சொன்னதில் பாதி சரி. 7 எல்லாவற்றுக்கும் பொருந்தாது, உண்மை. ஆனால் காரணம் தடிமன் இல்லை. தடித்த கட்டையில் ஓட்டை பெரியது, எண்ணிக்கை குறைவு. மெல்லியதில் ஓட்டை சின்னது, எண்ணிக்கை அதிகம். உருளைகள் ஒரே தடிமனாக, நேராக இருந்து, ஒன்றின் தலைமேல் ஒன்றாக அடுக்கினால், குச்சியோ தூணோ, நூற்றுக்கு 78.5 பங்கு மரம். பள்ளத்தில் உட்காரும்படி அடுக்கினால் 90.7. தடிமன் கணக்கிலேயே வராது.

நிஜத்தில் 70-ஐ ஒட்டி இறங்குவது கோணலால், கிளை வெட்டிய முண்டுகளால், அடுக்குகிற கையால். மெல்லிய கிளைகள் பெரும்பாலும் கோணல், அதனால் அவற்றில் மரம் இன்னும் குறையும், தம்பி சொன்னதற்கு நேர் எதிர். நீளமும் முக்கியம். வளைந்த கட்டை ஒரு மீட்டர் நீளத்தில் பக்கத்துக் கட்டையைத் தள்ளிப் பிடிக்கும். அதையே மூன்றாக அறுத்தால் ஒவ்வொரு துண்டிலும் வளைவு கொஞ்சம்தான், நெருங்கி உட்காரும்.

ஷாஜகான்:
அண்ணா, இதை நீங்கள் போன வருடமே சொல்லியிருந்தால் ஒரு சண்டை மிச்சமாகியிருக்கும். ஒரு மீட்டர் கட்டைகளாக வாங்கினேன். 4 மீட்டர் நீளம், ஒன்றரை மீட்டர் உயரம், நானே நாடா பிடித்து அளந்தேன், 6 கனமீட்டர். ஆள் வைத்து மூன்றாக அறுத்து அதே சுவரோரம் அடுக்கினால் 5-க்குக் கொஞ்சம் மேலே, அவ்வளவுதான். அறுத்தவர் எடுத்துப் போய்விட்டார் என்றே முடிவு கட்டி, கூலியில் பிடித்துக்கொண்டேன். பாவம். சரி, அவரைப் பார்த்துக் கொடுத்துவிட வேண்டும்.

பரமசிவம்:
மங்கை, உங்கள் அட்டவணைக்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு கிடைக்காது. 70 பங்கு என்று வைத்தால் ஷாஜகான் வாங்கிய 6-இல் மரம் 4.2. அறுத்து அடுக்கிய 5 சொச்சத்திலும் 4.2 தான், ரம்பம் தூளாக்கியதை விட்டுவிட்டால். அதே துண்டுகளை அடுக்காமல் தொட்டியில் கொட்டினால் 8-ஐத் தாண்டும், அப்போதும் 4.2 தான். அதனால் இரண்டு சொல் போதாது, கொட்டியதற்கு மூன்றாவது ஒன்றும் வேண்டும்.

மங்கை:
மூன்றாவதா! அடுத்த பக்கத்தில் அதுவும் இருக்கிறது ஐயா, சொன்னால் பயப்படுவீர்கள் என்று மறைத்தேன். அந்த 70-ஐ அடுக்கைக் கலைக்காமல் சரிபார்க்க முடியுமா?

பரமசிவம்:
அடுக்கின் முகப்பை நேராக நின்று படம் எடுங்கள். படத்தின்மேல் கட்டம் போட்டு, கோடுகள் வெட்டும் 100 புள்ளிகளில் எத்தனை மரத்தின்மேல் விழுகின்றன என்று எண்ணுங்கள். 74 விழுந்தால் 74 பங்கு. ஆனால் அப்படியே நம்பக்கூடாது. அறுத்த முனைகளை எல்லாரும் வரிசையாக, ஒழுங்காக வைப்பார்கள், கோணலும் முண்டும் உள்ளே ஒளிந்திருக்கும். உண்மை அதற்குக் கீழேதான் இருக்கும்.

செல்வராணி:
காய்ந்த விறகு பச்சை விறகைவிடக் கனம் குறைவு, அதையும் கழிக்க வேண்டாமா?

கதிர்:
அக்கா, இது எடை இல்லை, இடம். காய்ந்தால் எடை நிறைய இறங்கும், இடம் கொஞ்சம்தான் சுருங்கும். இளங்கோ ஐயா “கன” பற்றிச் சொன்னது இந்த ஓரிடத்தில் பலித்துவிட்டது, ஒப்புக்கொள்கிறேன்.

இளங்கோ:
நன்றி. இன்னொரு வேடிக்கை. பிரெஞ்சுக்காரர்கள் 1795-இல் விறகுக்கென்றே “ஸ்டேர்” என்று ஓர் அலகு வைத்தார்கள். மூலம் கிரேக்கம், ஸ்டெரெயோஸ், பொருள் திண்மை. ஆக, காற்றோடு சேர்த்து அளக்கிற அடுக்குக்குத் திண்மை என்று பெயர்! பாட்டுக் கேட்கும் ஸ்டீரியோவும் அதே வேர்தான். திண், திணி, திணை என்று நம் பக்கமும் ஒரு குடும்பம் இருக்கிறது, அதைப் பற்றி நாளை நீளமாக எழுதுகிறேன்.

மங்கை:
ஐயா, நாளை ஞாயிறு, எனக்கு நாள் போதாது. “அடுக்கிய கனமீட்டர்” போடட்டுமா?

கதிர்:
மீட்டரையா அடுக்கினோம்? பெயரெச்சம் வேண்டாம். “அடுக்குக் கனமீட்டர்”, வன்தொடர்க் குற்றியலுகரம், ஒற்று மிகும். கணக்கு அடுக்கு பற்றிய என் புகாரைத் திரும்பப் பெறுகிறேன், விறகுக் கையேட்டில் யாரும் குழம்பமாட்டார்கள். மற்றதற்குத் “திண்மக் கனமீட்டர்” வேண்டாம், அடுக்கும் திண்மம்தானே என்று கேட்பார்கள். “மரக் கனமீட்டர்” போதும். கொட்டியது “கொட்டுக் கனமீட்டர்”.

ஷாஜகான்:
மூன்றும் எனக்குப் புரிகிறது. அப்படியென்றால் யாருக்கும் புரியும்.

பரமசிவம்:
ஒரு சந்தேகம். “மரக் கனமீட்டர்” என்றால் பட்டை உள்ளேயா வெளியேயா? அறுவை மரத்துக்குப் பட்டை நீக்கி அளப்பது உண்டு, விறகில் பட்டையும் எரியும். மூல அட்டவணையின் அடியில் சின்ன எழுத்தில் ஏதாவது இருக்கிறதா பாருங்கள்.

மங்கை:
பார்த்தேன். ஒன்றும் இல்லை. அவர்களுக்கே கேட்டு எழுதியிருக்கிறேன். இப்போதைக்கு அடுக்கு, மரம், கொட்டு மூன்றையும் போட்டுக் கோப்பை அனுப்பிவிடுகிறேன், எல்லாருக்கும் நன்றி.

இளங்கோ:
அனுப்புங்கள். ஆனால் “கன” இருக்கும்வரை என் மறுப்பும் பதிவில் இருக்கட்டும். திணை பற்றிய மடல் தனியாக வரும்.