பெட்டைப் பூனையின் இரவுக் கத்தல்: உறுப்பினர்களின் அனுபவங்கள்

தாம்பரம் வாசகி: ஏழு மாதமான எங்கள் பெட்டைப் பூனை சில இரவுகளாக வலியில் அலறுவதைப் போல நீளக் கத்துகிறது. தரையில் புரள்கிறது, முதுகைத் தடவினால் முன்பக்கத்தைத் தாழ்த்திப் பின்பக்கத்தை உயர்த்தி, வாலை ஒருபுறம் ஒதுக்கிக்கொண்டு பின்கால்களால் மிதிக்கிறது. அடுக்குமாடியில் அக்கம்பக்கத்தாரின் உறக்கமும் கெடுகிறது.

கோவை வாசகர்: அது பருவத்துக்கு வந்திருக்கிறது. நாய்களைப் போல ஆண்டுக்கு இருமுறை வரும்; ஒருமுறை குட்டி போட்டால் அடங்கிவிடும்.

திருச்சி வாசகி: பருவம் என்பது சரி, மற்ற இரண்டும் சரியல்ல. தெருப்பூனைகளைப் பல ஆண்டுகளாகப் பராமரித்து வருவதால் சொல்கிறேன். பூனைக்கு இணை சேர்ந்த பிறகே கருமுட்டை வெளியேறும் என்பதால், இணை சேராத பூனைக்குப் பருவம் ஏறத்தாழ ஒரு வாரம் நீடித்துத் தணிந்து, பெரும்பாலும் இரண்டு மூன்று வாரங்களில் மீண்டும் வந்துவிடுகிறது. குளிர்நாடுகளில் பகல் குறுகும் மாதங்களில் இது நின்றுவிடும். நம் ஊரிலோ பகல் அதிகம் குறுகுவதில்லை, வீட்டுக்குள் விளக்கும் எரிகிறது, ஆகவே ஆண்டு முழுவதும் தொடரலாம். குட்டி போட்ட பூனை, குட்டிகள் பால் குடிக்கும்போதே மறுபடி பருவத்துக்கு வந்ததையும் பார்த்திருக்கிறேன்.

மதுரை வாசகர்: எங்கள் கடுவன் சுவரெல்லாம் சிறுநீர் பீய்ச்சுகிறது. அதற்கும் இதுதான் காரணமா?

திருச்சி வாசகி: அருகில் பருவத்திலிருக்கும் பெட்டை இருந்தால் அது கூடும், ஆனால் கடுவன் சிறுநீர் கழிக்க முக்கினால் அடைப்பாக இருக்கலாம், அன்றே மருத்துவரிடம் காட்டுங்கள். தாம்பரம் சகோதரி, பூனைக்குப் பருவத்தில் இரத்தம் கசிவதில்லை. இரத்தமோ சீழோ தெரிந்தாலும், சோர்ந்து படுத்துச் சாப்பிட மறுத்தாலும் அதைப் பருவம் என்று விட்டுவிடாதீர்கள்.

தாம்பரம் வாசகி: இரத்தம் இல்லை, சற்றுக் குறைவாகச் சாப்பிடுகிறது, அவ்வளவுதான். சத்தத்தைக் குறைக்க மாத்திரை தரலாமா?

திருச்சி வாசகி: பருவத்தைத் தள்ளிப்போடும் ஹார்மோன் மாத்திரைகள் கருப்பையில் சீழ் பிடிப்பதற்கும் மடிக் கட்டிக்கும் வழிவகுக்கக்கூடும் என்பதால் நான் தருவதில்லை. மனிதர்களுக்கான பாராசிட்டமால் பூனையைக் கொன்றுவிடும். கடுவன் கண்ணில் படாதபடி தெருப்பக்க ஜன்னலை மூடி, உள்ளறையில் திரையிட்டு, படுக்கும் முன் நன்றாக ஓடி விளையாடவிட்டு உணவு கொடுங்கள். கத்தல் முற்றிலும் நிற்காது, ஆனால் இடைவெளி கூடும். திட்டினாலோ தண்ணீர் தெளித்தாலோ பயப்படுமே தவிர, கத்துவதை நிறுத்தாது.

தாம்பரம் வாசகி: கருத்தடை அறுவையை இப்போதே செய்யலாம் என்கிறார் ஒரு மருத்துவர், தணியட்டும் என்கிறார் இன்னொருவர்.

கோவை வாசகர்: எங்கள் பூனைக்குப் பருவத்திலேயே செய்தார்கள், நலமாகவே இருக்கிறது.

திருச்சி வாசகி: அந்நேரத்தில் இரத்தக் குழாய்கள் விரிந்திருப்பதால் பலர் காத்திருக்கவே விரும்புகிறார்கள், கைதேர்ந்தவர்கள் செய்வதும் உண்டு. காத்திருப்பதானால், அடுத்த பருவம் முந்திக்கொள்ளாதபடி கத்தல் அடங்கிய மறுவாரத்துக்கே இன்று தேதி வாங்கிவிடுங்கள்.